பத்து எழுத்தில் நாலரை சென்ட்

`7J3WH59G+JH` என்பதும் `tdp9ffn74` என்பதும் ஒரே இடம்தான். சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு புள்ளி. அட்சரேகை 11.56912, தீர்க்கரேகை 78.17641. யார் வீட்டு வாசலும் இல்லை, கணக்குப் போட்டுப் பார்க்க நானாக எடுத்துக்கொண்டது. முதல் கோடு கூகுள் மேப்ஸில் ‘பிளஸ் கோடு’ என்று வருவது, இரண்டாவது ஜியோஹாஷ். இந்த இரண்டிலும் எத்தனை எழுத்து சொன்னால் எவ்வளவு துல்லியம் கிடைக்கும் என்பதுதான் இந்தப் பதிவு.

எழுதக் காரணம் என் மாமா. பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி போட்டிருக்கிறார். இந்த வட்டாரத்தில் அரளி எவ்வளவு என்பது சேலம் பூ மார்க்கெட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மொக்குப் பறித்து மூட்டை கட்டி வைத்தால் விடிவதற்குள் வண்டி வந்து எடுக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் தோட்டத்து வீட்டைக் கொட்டாய் என்போம். கொட்டாய்க்குக் கதவு எண்ணும் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. புது டிரைவர் வந்தால் “புளியமரத்துல திரும்பு, கேணியத் தாண்டு” என்று போனிலேயே வழி சொல்லியாக வேண்டும். யாரோ பிளஸ் கோடு பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மாமா கேட்டார்: “ஏம் மாப்ள, இதுல எத்தனை எழுத்து சொன்னா போதும்? எல்லாத்தையும் சொல்லோணுமா?”

நல்ல கேள்வி. இந்தக் கோடுகளின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

பிளஸ் கோடு எப்படி உருவாகிறது

கூகுளின் சூரிக் அலுவலகப் பொறியாளர்கள் உருவாக்கி 2014-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட முறை இது. இதன் முழுப் பெயர் ஓப்பன் லொகேஷன் கோடு. யாரிடமும் பதிவு செய்ய வேண்டியதில்லை, இணையமும் தேவையில்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் கையாலேயே போட்டுவிடலாம்.

மொத்தம் இருபது எழுத்துகள்: `23456789CFGHJMPQRVWX`. இதில் `2` என்றால் 0, `3` என்றால் 1. இப்படியே போய் `X` என்றால் 19. உயிரெழுத்துகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், தற்செயலாக ஏதாவது சொல் அமைந்துவிடக் கூடாது என்று. 0, 1 ஆகிய எண்களும் இல்லை, ஓ எழுத்தோடும் எல் எழுத்தோடும் குழம்பும் என்பதால்.

எதிர்மறை எண் வராமல் இருக்க அட்சரேகையோடு 90-ஐயும் தீர்க்கரேகையோடு 180-ஐயும் கூட்டிக்கொள்கிறோம். பிறகு இரண்டையும் முதலில் 20 பாகைக் கட்டங்களாக வெட்டி, நம் புள்ளி எத்தனையாவது கட்டத்தில் விழுகிறது என்று எண்ணுகிறோம். அந்தக் கட்டத்தை மறுபடி இருபது இருபதாக வெட்டுகிறோம். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு எழுத்து கிடைக்கும். முதல் எழுத்து தெற்கு வடக்கு, அடுத்தது மேற்கு கிழக்கு. நம் புள்ளிக்குப் போட்டால் இப்படி வரும்:

```
lat + 90  = 101.56912
lng + 180 = 258.17641

20        ->  5, 12  ->  7 J
1         ->  1, 18  ->  3 W
0.05      -> 11,  3  ->  H 5
0.0025    ->  7, 10  ->  9 G
0.000125  -> 12, 11  ->  J H
```

எட்டு எழுத்துக்குப் பிறகு ஒரு கூட்டல் குறி. இது பிளஸ் கோடுதான் என்று அடையாளம் காட்டவும், எழுத்துகளின் இடம் எது என்று தெரியவும் அந்தக் குறி உதவுகிறது. `7J3WH59G+JH` ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கோடு ஒரு புள்ளியைச் சொல்வதில்லை. ஒரு கட்டத்தைச் சொல்கிறது. இரண்டு எழுத்து கூடினால் கட்டம் நானூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். இரண்டு எழுத்தைக் குறைத்தால் நானூறு மடங்கு பெருகும்.

மீட்டர் வேண்டாம், சென்ட்டில் சொல்

பத்து எழுத்துக்குப் பதினான்கு மீட்டர் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். மாமாவுக்கு அது ஏறவில்லை. ஏக்கரிலும் சென்ட்டிலும் சொன்னதும் பிடித்துக்கொண்டார். பனமரத்துப்பட்டி அட்சரேகையில் ஒரு பாகை வடக்குத் தெற்காக ஏறக்குறைய 110.6 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 109 கிலோமீட்டர்தான், ஏனென்றால் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே போகும். அதை வைத்துப் போட்ட கணக்கு:

| பிளஸ் கோடு | கட்டம் (தெ-வ × கி-மே) | பரப்பு |
|---|---|---|
| 6 எழுத்து | 5.5 × 5.5 கி.மீ. | 30 சதுர கி.மீ. |
| 8 எழுத்து | 277 × 273 மீ. | 18½ ஏக்கர் |
| 10 எழுத்து | 13.8 × 13.6 மீ. | சுமார் 4½ சென்ட் |
| 11 எழுத்து | 2.8 × 3.4 மீ. | 100 சதுர அடி |

ஆறு எழுத்துக் கட்டமான `7J3WH5` அட்சரேகை 11.55 முதல் 11.60 வரை, தீர்க்கரேகை 78.15 முதல் 78.20 வரை. இதற்குள் இருக்கிற எவருடைய கோட்டிலும் `H5` வரும். 11.60-ஐத் தாண்டி வடக்கே போனால் `J5`, 78.20-ஐத் தாண்டிக் கிழக்கே போனால் `H6`.

எட்டு எழுத்து என்றால் பதினெட்டரை ஏக்கர். ஒரு சிறு விவசாயியின் காடு முழுவதும் அதற்குள் அடங்கும், பக்கத்துக் காடு நாலைந்தும் சேர்ந்து அடங்கும். எந்தத் தோட்டங்களுக்கு நடுவே என்று சொல்ல இது போதும். எந்தக் கொட்டாய் என்று சொல்லப் போதாது. பத்து எழுத்தில் அது நாலரை சென்ட்டாகிவிடுகிறது. ஒரு கொட்டாயும் அதன் களமும் இருக்கிற இடம். கட்டத்தின் நடுவில் நின்று பார்த்தால் மூலைவரை பத்து மீட்டருக்குள்தான். தோட்டக்காட்டில் பத்து எழுத்துக்கு மேல் தேவையே இல்லை.

ஊருக்குள் வந்தால் கதை வேறு. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கிற தெருவில் ஒரு வீட்டு முகப்பு ஐந்து மீட்டர்கூட இருக்காது. அங்கே பதினான்கு மீட்டர் கட்டத்துக்குள் இரண்டு மூன்று வாசல் விழும். மூன்று குடும்பத்துக்கும் ஒரே கோடுதான். அதற்காகத்தான் பதினொன்றாவது எழுத்து. இது மட்டும் இரட்டையாக வராது. பத்தெழுத்துக் கட்டத்தைக் குறுக்கே நான்காகவும் நெடுக்கே ஐந்தாகவும் வெட்டி, இருபது துண்டில் எது என்று ஒரே எழுத்தில் சொல்லும். நம் புள்ளிக்கு அது `V`, முழுக்கோடு `7J3WH59G+JHV`.

ஒரு கோடு மொத்த ஊருக்கும் பொருந்தாது என்பதற்குப் பனமரத்துப்பட்டி ஏரியே சாட்சி. சேலத்துக்குக் குடிநீர் கொடுக்க வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய ஏரி, 2,000 ஏக்கருக்கு மேல் பரப்பு. எட்டு எழுத்துக் கட்டம் நூற்றுக்கு மேல் அடுக்கினால்தான் அந்த ஏரியை மூட முடியும். ‘ஏரியின் கோடு’ என்று யாராவது பத்து எழுத்து கொடுத்தால், அது கரையில் அவர் நின்ற நாலரை சென்ட்.

போனுக்குத் தெரிந்ததைவிட அதிகம் சொல்லாதே

“அப்ப பதினொன்னையும் போட்டுக்கலாமே, என்ன கெட்டுப்போச்சு?” என்றார் மாமா.

எழுத்தைக் கூட்டினால் கோட்டின் துல்லியம் கூடும், உங்கள் போனின் துல்லியம் கூடாது. திறந்த வெளியில், வானம் நன்றாகத் தெரிகிற இடத்தில் நல்ல போன் காட்டும் இடமே உண்மையான இடத்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி இருக்கலாம். தென்னந்தோப்புக்குள், ஓட்டுக் கூரைக்கடியில், மலையடிவாரத்தில் இன்னும் மோசம். ஐந்து மீட்டர் ஆடுகிற கையை வைத்துக்கொண்டு மூன்று மீட்டர் கட்டத்தைக் குறித்துக் கொடுத்தால் அது பக்கத்துக் கட்டமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பதினோரு எழுத்தைப் பார்க்கிறவனோ இதெல்லாம் தெரியாமல், அங்குலம் பிசகாமல் அளந்தது என்று நினைத்துக்கொள்வான்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே இடத்தில் நின்று, கொஞ்சம் இடைவெளி விட்டு விட்டுக் கோட்டை எடுத்துப் பாருங்கள். எந்த எழுத்துவரை மாறாமல் நிற்கிறதோ அதுவரைதான் உங்கள் போன் நம்பத் தகுந்தது. கடைசி எழுத்து ஒவ்வொரு தடவையும் ஆடினால் அதை வெட்டிவிடுங்கள். அல்லது செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, கூரையைக் கண்ணால் பார்த்து விரலால் அழுத்திக் கோடு எடுங்கள். வீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே நல்ல வழி.

இந்த ஆட்டத்தில் ஓரம் என்றொரு சிக்கலும் இருக்கிறது. நம் புள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஜியோஹாஷ் `tdp9ffn74`. ஒரு மீட்டர் தெற்கே தள்ளி, அதாவது 11.56911-இல் நின்றால் அது `tdp9ffn6f` ஆகிவிடுகிறது. ஒரே எட்டில் கடைசி இரண்டு எழுத்தும் மாறிவிட்டன. காரணம், அந்தப் புள்ளி ஒரு கட்டத்தின் தெற்கு ஓரத்திலிருந்து ஒரு முழ தூரம்கூடத் தள்ளி இல்லை. பிளஸ் கோட்டில் அதே ஒரு மீட்டருக்கு எதுவும் மாறவில்லை, அங்கே அந்தப் புள்ளி ஓரத்தில் இல்லை. ஆகவே எழுத்து ஆடுகிறது என்றால் போன் மோசம் என்றே முடிவு கட்டிவிடக் கூடாது, கட்டத்தின் ஓரத்தில் நிற்பதாகவும் இருக்கலாம்.

முன்னால் வெட்டுவது, பின்னால் வெட்டுவது

மேப்ஸில் பார்த்தால் `7J3WH59G+JH` என்று முழுசாக வராது. `H59G+JH பனமரத்துப்பட்டி` என்கிற மாதிரி வரும். முன்னால் நான்கு எழுத்தை எடுத்துவிட்டு ஊர் பெயரைச் சேர்க்கிறார்கள். இதனால் துல்லியம் குறைவதில்லை. பின்னால் வெட்டினால்தான் கட்டம் பெரிதாகும். முன்னால் வெட்டினால் கட்டத்தின் அளவு மாறாது, ‘எந்த வட்டாரம்’ என்ற தகவல்தான் போகும். அதை ஊர் பெயர் ஈடுகட்டுகிறது.

எப்படி ஈடுகட்டுகிறது என்பது முக்கியம். உலகில் ஒவ்வொரு ஒரு பாகைச் சதுரத்துக்குள்ளும் ஒரு `H59G+JH` உண்டு. ஊர் பெயர் சொன்னால் அந்த ஊருக்கு மிக நெருக்கமான `H59G+JH` எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். ஆக, நீங்கள் சொல்லும் ஊர் தெற்கு வடக்காகவும் கிழக்கு மேற்காகவும் அரைப் பாகைக்குள், ஏறக்குறைய 55 கிலோமீட்டருக்குள், இருந்தால் சரியாக வரும். பனமரத்துப்பட்டி என்றாலும் சேலம் என்றாலும் ராசிபுரம், நாமக்கல் என்றாலும் நம் புள்ளியே கிடைக்கும்.

சென்னை என்று சொன்னால்? சென்ட்ரல் ஸ்டேஷனை மையமாக எடுத்தால் 13.569, 80.176. பழவேற்காடு ஏரிப் பக்கம் போய்விடும். தியாகராய நகரை மையமாக எடுத்தால் 12.569, 80.176. அது கல்பாக்கம் பக்கம். ஒரே கோடு, ஒரே நகரம். அந்த நகரத்துக்குள் எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினோம் என்பதில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். விடையோ நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகிறது. ஊர் பெயரே இல்லாமல் `H59G+JH` என்று மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் இதே கதைதான். பெறுகிறவர் சென்னையில் இருந்தால் அவர் நிற்கிற இடத்தை வைத்தே போன் கணக்குப் போடும். வெளியூர்க்காரருக்கு முழுப் பத்தெழுத்தும் அனுப்புங்கள். உள்ளூர் வண்டிக்காரருக்கு ஆறெழுத்தும் ஊர் பெயரும் போதும்.

ஜியும் ஜேயும்

போனில் வாயால் சொல்லும்போது நம் ஆட்களுக்கு ஜி, ஜே இரண்டும் குழம்பும். இந்த எழுத்துத் தொகுப்பில் இரண்டுமே இருக்கின்றன. `G` என்றால் 10, `J` என்றால் 12. தப்பாகக் கேட்டால் இரண்டு கட்டம் தள்ளிவிடும். எவ்வளவு தூரம் தள்ளும் என்பது அந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நம் கோட்டில் கூட்டல் குறிக்கு அடுத்து வரும் `J`-வை `G` என்று கேட்டுக்கொண்டால் வண்டி 28 மீட்டர் தெற்கே நிற்கும். கொட்டாயிலிருந்து குரல் கொடுத்தால் கேட்கும் தூரம். கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் `G`-யை `J` என்று கேட்டால் 545 மீட்டர் கிழக்கே, வேறு யாருடைய காட்டிலோ நிற்கும். முழுக்கோட்டின் இரண்டாவது எழுத்தான `J`-வை `G` என்று அடித்தால் 40 பாகை மேற்கே போய் எத்தியோப்பியாவில் விழும்.

இதில் நன்மை என்னவென்றால் எத்தியோப்பியாத் தப்பு உடனே தெரிந்துவிடும், 28 மீட்டர் தப்பு பாதிக்காது. ஆபத்தானது நடுவில் இருக்கும் அரைக் கிலோமீட்டர் தப்பு. மேப்பில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும், அதே ஊர், அதே அரளிக் காடு. ஆதார் எண்ணில் இருப்பது போன்ற சரிபார்ப்பு எழுத்து பிளஸ் கோட்டிலும் இல்லை, ஜியோஹாஷிலும் இல்லை. அதனால் கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் இரண்டு எழுத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் வாயால் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள்.

ஜியோஹாஷ்: பாதி பாதியாக வெட்டுவது

ஜியோஹாஷ் இதற்கு மூத்தது. குஸ்தாவோ நீமேயர் என்கிற நிரலாளர் 2008-இல் வெளியிட்டது. இது மனிதர்கள் வாயால் சொல்வதைவிடக் கணினிக்குள் தேடுவதற்கே அதிகம் பயன்படுகிறது. ‘அருகில் உள்ள கடைகள்’, ‘பக்கத்தில் இருக்கும் வண்டி’ என்று கேட்கும்போது உள்ளே இது போன்ற ஒன்றுதான் ஓடும்.

இதில் இருபதாக வெட்டுவது இல்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டாக மட்டும் வெட்டும், தீர்க்கரேகையையும் அட்சரேகையையும் மாற்றி மாற்றி. நம் புள்ளிக்கு முதல் எழுத்தைப் பார்க்கலாம். சுழிப் பாகைக்குக் கிழக்கா? ஆமாம், 1. நிலநடுக்கோட்டுக்கு வடக்கா? ஆமாம், 1. 90-க்குக் கிழக்கா? இல்லை, 0. அட்சரேகை 45-க்கு வடக்கா? இல்லை, 0. தீர்க்கரேகை 45-க்குக் கிழக்கா? ஆமாம், 1. ஐந்து விடையும் சேர்ந்தால் `11001`, அதாவது 25. ஜியோஹாஷின் முப்பத்திரண்டு எழுத்தில் 25-க்கு உரியது `t`. தமிழ்நாடும் இலங்கையும் முழுக்க `t`-தான்.

ஒரு எழுத்துக்கு ஐந்து வெட்டு. ஐந்து ஒற்றைப்படை எண் என்பதால் ஒரு எழுத்தில் தீர்க்கரேகைக்கு மூன்று வெட்டு விழுந்தால் அடுத்ததில் அட்சரேகைக்கு மூன்று விழும். இதனால் கட்டத்தின் வடிவமே எழுத்துக்கு எழுத்து மாறும். ஒற்றைப்படை நீளத்தில் சதுரம், இரட்டைப்படை நீளத்தில் கிழக்கு மேற்காக இரண்டு மடங்கு நீண்ட செவ்வகம்:

| ஜியோஹாஷ் | கட்டம் (தெ-வ × கி-மே) | பரப்பு |
|---|---|---|
| 5 எழுத்து | 4.9 × 4.8 கி.மீ. | 23 சதுர கி.மீ. |
| 6 எழுத்து | 608 × 1,198 மீ. | 180 ஏக்கர் |
| 7 எழுத்து | 152 × 150 மீ. | 5½ ஏக்கர் |
| 8 எழுத்து | 19 × 37 மீ. | 17½ சென்ட் |
| 9 எழுத்து | 4.75 × 4.7 மீ. | அரை சென்ட் |

ஒரு கொட்டாயைக் காட்ட எட்டு எழுத்து கொஞ்சம் அகலம், ஒன்பது எழுத்து போனின் ஆட்டத்தோடு போட்டி போடும். பிளஸ் கோட்டின் பத்தெழுத்து இரண்டுக்கும் நடுவே, நமக்கு வேண்டிய அளவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தோட்டத்து விலாசத்துக்கு நான் பிளஸ் கோடு என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாமக்கல்லைவிடக் கோவா பக்கமா?

ஜியோஹாஷில் எல்லோரும் சொல்லும் வசதி, முன்னெழுத்துகள் ஒத்திருந்தால் இடங்கள் பக்கத்தில் இருக்கும் என்பது. அது உண்மை. `tdp9ff` என்று தொடங்கும் எல்லா இடமும் அந்த 180 ஏக்கருக்குள்தான். ஆனால் இதைத் தலைகீழாகப் படித்தால் தப்பாகிவிடும். பக்கத்தில் இருக்கும் இடங்களுக்கு முன்னெழுத்து ஒத்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அதற்கு நம் சேலம் நாமக்கல் சமவெளியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நாமக்கல் நகரத்துக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர் வடக்கே அட்சரேகை 11.25 ஓடுகிறது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும்போது அந்தக் கோட்டைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைகிறோம். அங்கே பலகையோ கல்லோ இல்லை. ஆனால் 90 பாகையைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வந்தால் 45, 22.5, 11.25 என்று சரியாக அங்கே ஒரு வெட்டு விழுகிறது, அதுவும் ஆரம்பகாலத்துப் பெரிய வெட்டு. அதன் வடக்கே இருப்பது `tdp`, தெற்கே இருப்பது `t9z`. சாலையில் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் ஒரு கடை, நடுவே இருபது மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது `t` என்ற ஒரே எழுத்து.

அதே நேரத்தில் `td` என்ற கட்டம் 11.25-லிருந்து 16.875 வரை, 67.5-லிருந்து 78.75 வரை நீள்கிறது. பெங்களூரும் அதற்குள்தான், கோவாவின் பனாஜியும் அதற்குள்தான். எழுத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் பனமரத்துப்பட்டிக்கு 40 கிலோமீட்டரில் இருக்கும் நாமக்கல்லைவிட 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பனாஜி நெருக்கமாகத் தெரியும்.

செயலி எழுதுகிறவர்கள் இதை அறியாமல் ‘முதல் ஐந்து எழுத்து ஒத்தவற்றை எடு’ என்று மட்டும் எழுதினால், கட்டத்தின் ஓரத்தில் இருக்கிறவருக்கு எதிர்ச்சாரிக் கடை பட்டியலில் வராது. இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க, தேடல் முடிவுகளை மேப்பில் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நேர்கோட்டில் கத்தரித்தது போல வெறுமையாக இருந்தால் அங்கே கட்டத்தின் எல்லை ஓடுகிறது. மருந்து எளிது. நாம் இருக்கும் கட்டத்தோடு அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் சேர்த்துத் தேட வேண்டும், பிறகு உண்மையான தூரத்தைக் கணக்கிட்டு வரிசைப்படுத்த வேண்டும். கட்டத்தின் நீளத்தைத் தேடும் தூரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் தேட வேண்டுமென்றால் ஆறெழுத்து போதாது, அதன் தெற்கு வடக்கு அளவு 608 மீட்டர்தான். ஐந்தெழுத்து எடுத்தால் சரியாக வரும்.

பிளஸ் கோட்டிலும் எல்லைகள் உண்டு. 11, 12 என்ற முழுப் பாகைகளிலும் ஒவ்வொரு 0.05 பாகையிலும் எழுத்து மாறும். நல்லவேளையாகச் சேலம், பனமரத்துப்பட்டி, ராசிபுரம், நாமக்கல் எல்லாம் `7J3W` என்ற ஒரே ஒரு பாகைச் சதுரத்துக்குள் வந்துவிடுகின்றன. மேற்கே மேட்டூர் போனால் `7J3V`, தெற்கே திருச்சி போனால் `7J2W`.

மாமாவுக்குச் சொன்னது

வண்டிக்காரருக்கு `H59G+JH` மாதிரி ஆறெழுத்தும் பனமரத்துப்பட்டி என்ற பெயரும். ஆனால் கொட்டாயின் கோட்டை மட்டும் கொடுத்தால் போதாது. கோடு இடத்தைச் சொல்லும், வழியைச் சொல்லாது. மேப் குறுக்கே ஓடைப்பக்கமாக இழுத்துவிட்டால் வண்டி அக்கரையில் நின்று ஹார்ன் அடிக்கும். அதனால் மெயின் ரோட்டிலிருந்து வண்டித்தடம் பிரியும் இடத்துக்கும் ஒரு கோடு எடுக்கச் சொன்னேன். முதலில் அது, பிறகு கொட்டாய்.

பூ வாங்க வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கும் குழுவில் போடுவதானால் கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டு `7J3WH59G+` என்று போடலாம். கூட்டல் குறியோடு எட்டெழுத்தில் நிறுத்துவது முறையான கோடுதான். பதினெட்டரை ஏக்கருக்குள் எங்கோ என்று தெரியும், வீட்டு வாசல் தெரியாது. தேவைப்படுகிறவர் கேட்டால் மீதியைச் சொல்லிக்கொள்ளலாம்.

“தபால்காரங்க ஏதோ புதுசா ஒன்னு விட்டுருக்காங்களாமே?” என்றும் கேட்டார். அது டிஜிபின். இந்திய அஞ்சல் துறை, ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் மூன்றும் சேர்ந்து உருவாக்கி 2025 மே மாதம் வெளியிட்டது. அதுவும் இதே குடும்பம்தான். நாட்டின் மேல் ஒரு பெரிய சதுரத்தைப் போட்டு, நாலுக்கு நாலாகப் பத்துத் தடவை வெட்டுகிறார்கள். வெட்டுக்கு ஒரு எழுத்து, பத்தெழுத்தில் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர். அதாவது பிளஸ் கோட்டின் பத்தெழுத்தும் டிஜிபினின் பத்தெழுத்தும் ஒரே நீளம், ஆனால் ஒன்று நாலரை சென்ட், மற்றது அரை சென்ட்டுக்கும் குறைவு. எழுத்து எத்தனை என்பதைவிட ஒவ்வொரு எழுத்தும் எத்தனையாக வெட்டுகிறது என்பதும், தொடக்கத்தில் எவ்வளவு பெரிய சதுரத்தை எடுத்தார்கள் என்பதும்தான் துல்லியத்தைத் தீர்மானிக்கின்றன. உலகம் முழுவதையும் எடுக்காமல் இந்தியாவை மட்டும் எடுத்ததால் அவர்களுக்குக் கொஞ்சம் எழுத்து மிச்சமாகியிருக்கிறது. நான்கு மீட்டர் என்பதால் போன் ஆட்டம் பற்றிச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும், கூரையைப் படத்தில் பார்த்து அழுத்தி எடுப்பதே நல்லது.

மாமா கடைசியில் தடம் பிரியும் இடத்துக் கோட்டை மட்டும் பெயின்டில் தகரத்தில் எழுதிக் கம்பத்தில் கட்டிவிட்டார். ‘ஜி’ எழுத்தை மட்டும் மற்றதைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறார்.